"மூணு எச்.பி. போட்டரலாமுங்களா?"

அன்னூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கடைக்குள் நுழைந்து உட்காரும் முன்பே கேட்டார்: "தம்பி, நானூறு அடி போர். இப்ப ரெண்டு எச்.பி. மோட்டார் ஓடுது. ரெண்டு வருசத்துல ரெண்டு தடவை காயில் கட்டியாச்சு. மோட்டார் பத்தலைன்னு நெனைக்கிறேன். மூணு எச்.பி. போட்டரலாமுங்களா?"

கோவையில் பம்புசெட் கடை மேசைக்குப் பின்னால் நிற்கிறவர்கள் அநேகமாக நாள்தோறும் கேட்கும் கேள்வி இது. நான் பல வருடம் அங்கே நின்றவன். "போடலாம் சார்" என்று சொல்லிவிட்டால் ஐந்து நிமிடத்தில் வியாபாரம் முடிந்துவிடும். அவரும் மகிழ்ச்சியாகத்தான் போவார். ஆனால் அந்தக் கேள்விக்குள் பதில் சொல்லத் தேவையான விவரம் ஒன்றுகூட இல்லை. நானூறு அடி என்பது ஓட்டையின் ஆழம். தண்ணீர் எங்கே நிற்கிறது, மணிக்கு எவ்வளவு ஊறுகிறது என்பதை அது சொல்லாது. மோட்டாருக்குத் தேவையான விவரங்கள் அவை இரண்டும்தான்.

முதலில் நான் கேட்டது, மோட்டார் போட்டால் என்ன நடக்கிறது என்று. "மொதல்ல நல்லா ஊத்தும். அரை மணி, முக்கால் மணி போனா காத்து வாங்க ஆரம்பிச்சிரும். அப்புறம் விட்டு விட்டுத்தான் வரும். நிறுத்திட்டு மூணு மணி நேரம் கழிச்சுப் போட்டா மறுபடி நல்லா வரும்" என்றார்.

அடுத்து, காயில் கட்டினவர் மோட்டாரைப் பிரித்தபோது என்ன சொன்னார் என்று கேட்டேன். இது முக்கியமான கேள்வி. எரிந்த மோட்டாரைப் பிரித்தால், அது எதனால் எரிந்தது என்பது பெரும்பாலும் உள்ளேயே தெரிந்துவிடும். காயில் முழுவதும் ஒரே சீராகக் கருகியிருந்தால் வோல்டேஜ் குறைவோ அதிகச் சுமையோ காரணமாக இருக்கும். ஸ்டார்ட்டிங் காயில் மட்டும் கருகியிருந்தால் கெப்பாசிட்டரையும் பேனலையும் பார்க்க வேண்டும். பம்புக்குள் இருக்கும் பிளாஸ்டிக் இம்பெல்லர்கள் இளகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால், தண்ணீர் இல்லாமல் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். ஆசிரியருக்கு நன்றாக நினைவிருந்தது: "ரெண்டு தடவையும் இம்பெல்லர் உருகிப் போச்சுன்னு சொன்னாருங்க."

அப்படியானால் மோட்டார் பலமில்லாமல் எரியவில்லை. தண்ணீர் தீர்ந்த பிறகும் ஓடி எரிந்திருக்கிறது. சப்மெர்சிபிள் மோட்டாருக்குச் சுற்றியிருக்கும் தண்ணீர்தான் குளிர்ச்சி. பம்பின் புஷ்களுக்கு அதுவேதான் எண்ணெய். இரண்டும் இல்லாமல் போனால் சில நிமிடங்களிலேயே சேதம் தொடங்கிவிடும்.

ஆனாலும் இது இன்னும் என் ஊகம்தான். ஊகத்தை வைத்துப் பொருள் விற்கக் கூடாது. "சார், இன்னிக்கு எதுவும் வாங்காதீங்க. நாளைக்குக் காலையில மோட்டார் போடறதுக்கு முன்னாடி ரெண்டு அளவு எடுத்துட்டு வாங்க" என்றேன். போர் மூடியின் சந்து வழியாக நைலான் கயிற்றில் ஒரு நட்டைக் கட்டி இறக்கி, கயிறு நனையும் இடத்தைப் பார்த்தால் தண்ணீர் மட்டம் தெரியும். பிறகு மோட்டாரைப் போட்டு, தண்ணீரைத் தரைத்தொட்டியில் விட்டு, காற்று வரத் தொடங்கும் வரை எத்தனை நிமிடம் ஆகிறது, தொட்டியில் தண்ணீர் எத்தனை அங்குலம் ஏறுகிறது என்று குறிக்க வேண்டும். காற்று வந்ததும் நிறுத்திவிட வேண்டும். போர் போட்டபோது வண்டிக்காரர் கொடுத்த சீட்டு இருந்தால் அதையும் கொண்டுவரச் சொன்னேன்.

கணக்கு வாத்தியார் அவர். மூன்றாம் நாள் ஒரு நோட்டுத் தாளோடு வந்தார். போர் ஆறரை இஞ்ச். தண்ணீர் மட்டம் 110 அடியில். மோட்டார் தொங்குவது 380 அடியில். சரியாக 40 நிமிடத்தில் காற்று வந்திருக்கிறது. தொட்டி 6 அடிக்கு 5 அடி. தண்ணீர் 2 அடி 10 அங்குலம் ஏறியிருக்கிறது. வண்டிக்காரர் சீட்டில் ஊற்று 180 அடியிலும் 310 அடியிலும் கிடைத்ததாக எழுதியிருந்தது. "ஒன்றரை இஞ்ச் தண்ணீர்" என்றும் இருந்தது.

அந்த இஞ்ச் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. இது குழாயின் விட்டம் அல்ல. 90 டிகிரியில் வி வடிவமாக வெட்டிய தகட்டின் வழியே தண்ணீரை வழியவிட்டு, அந்த வெட்டில் எவ்வளவு உயரத்துக்கு நிற்கிறது என்று அளப்பது. உயரம் இரட்டித்தால் தண்ணீர் இரட்டிப்பதோடு நிற்காது, ஐந்து மடங்குக்கும் மேலாகும். 1 இஞ்ச் என்றால் மணிக்கு ஏறத்தாழ 500 லிட்டர், ஒன்றரை என்றால் 1,400, 2 இஞ்ச் என்றால் 2,900. ஆகவே "ஒன்றரையா ரெண்டா, ஏதோ ஒண்ணு" என்று விட்டுவிட்டால் பாதிக்குப் பாதி தவறு வரும். அதோடு, பல இடங்களில் அது கண்பார்வையில் சொல்லும் மதிப்புத்தான். அதனால் நான் ஆசிரியரின் தாளையே நம்பினேன்.

இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். தொட்டியில் ஏறியது ஏறத்தாழ 2,400 லிட்டர். ஆனால் அவ்வளவும் அந்த 40 நிமிடத்தில் ஊறியது அல்ல. ஆறரை இஞ்ச் போர் ஓர் அடி ஆழத்துக்குச் சுமார் ஆறரை லிட்டர் பிடிக்கும். பைப்பும் கேபிளும் அடைக்கும் இடம் போக ஆறு லிட்டர் என்று வைக்கலாம். 110 அடியிலிருந்து 380 அடி வரை 270 அடித் தண்ணீர், இரவெல்லாம் ஊறிச் சேர்ந்து நின்றது. அதுவே 1,620 லிட்டர். மிச்சம் 780 லிட்டர்தான் மோட்டார் ஓடும்போது புதிதாக ஊறி வந்தது. 40 நிமிடத்துக்கு 780 என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 20 லிட்டர், மணிக்கு 1,200. சீட்டிலிருந்த ஒன்றரை இஞ்ச் அதிலிருந்து அதிக தூரத்தில் இல்லை.

ஆசிரியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்படின்னா மோட்டார் நிமிசத்துக்கு அறுபது லிட்டர் எடுக்குது, ஊத்து இருபதுதான் குடுக்குது" என்றார்.

அவர் கேட்ட 3 எச்.பி. போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கும் அதே தாளில் பதில் இருந்தது. அது நிமிடத்துக்கு 90 லிட்டர் இழுக்கிறது என்று கொள்வோம். ஊற்று தரும் 20 போக, தேங்கி நிற்கும் தண்ணீரிலிருந்து 70 எடுக்கும். 1,620 லிட்டரும் 23 நிமிடத்தில் காலி. இப்போது முக்கால் மணிக்கு வரும் காற்று அரை மணிக்குள் வந்திருக்கும். மூன்றாவது தடவை காயில் கட்டுவது இன்னும் சீக்கிரம் வந்திருக்கும். மோட்டாரைப் பெரிதாக்கினால் ஊற்று பெரிதாகாது. பாறை வெடிப்பு கொடுப்பதைத்தான் கொடுக்கும்.

சரி, எதைப் போடுவது? பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாவிட்டால் இங்கேதான் தடுமாறுவோம். பெட்டியில் "ஹெட் 30 - 140 மீட்டர், டிஸ்சார்ஜ் 60 - 0 லிட்டர்" என்பதுபோல அச்சிட்டிருப்பார்கள். 140 மீட்டர் உயரத்துக்கு 60 லிட்டர் தள்ளும் என்று படித்துவிட்டு வாங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உண்மை அதற்கு நேர்மாறு. 30 மீட்டரில் 60 லிட்டர் வரும். 140 மீட்டரில் சொட்டுக்கூட வராது. தண்ணீர் அந்த உயரத்தில் வந்து நின்றுவிடும். உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்துகொண்டே போகும். எந்த உயரத்தில் எத்தனை லிட்டர் என்று சொல்லும் அட்டவணை தயாரிப்பாளரின் புத்தகத்தில் இருக்கும். கடையில் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டியது அதைத்தான். எச்.பி. அதற்குப் பிறகு.

உயரம் என்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. மோட்டார் 380 அடியில் தொங்கினால் 380 அடிக்குத் தள்ள வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மோட்டாருக்கு மேல் நிற்கும் தண்ணீர் தானாகவே பைப்பில் தன் மட்டம் வரை ஏறி நிற்கும். ஆகவே பம்பு தள்ள வேண்டியது தண்ணீர் மட்டத்திலிருந்துதான். காலையில் 110 அடி. ஓட ஓட மட்டம் இறங்கும், தள்ள வேண்டிய உயரம் கூடும், பம்பு தரும் தண்ணீர் குறையும். இந்தக் குணத்தையே நாம் பயன்படுத்திக்கொள்ளலாம். மட்டம் அடிவரை இறங்கும்போது, ஊற்று கொடுக்கும் அளவுக்கு மேல் எடுக்க முடியாத பம்பாகப் பார்த்துப் போட்டால், அது ஊற்றோடு சமமாகிவிடும். காற்று வாங்காது.

மோட்டாரை 360 அடியில் தொங்கவிடலாம் என்று முடிவு செய்தோம். போரின் அடியில் சேறும் கல்தூளும் படியும். 40 அடி விட்டு வைப்பது நல்லது. தண்ணீர் கடைசிவரை இறங்கினால் தள்ள வேண்டிய உயரம் 360 அடி, அதாவது 110 மீட்டர். பைப் உராய்வுக்கும் தொட்டி வாய் வரை ஏறுவதற்கும் சேர்த்து 115 மீட்டர் என்று வைத்தோம். தேவை இதுதான்: 115 மீட்டரில் நிமிடத்துக்கு 20 லிட்டருக்கு மிகாமல் தருகிற பம்பு. அதேசமயம் தண்ணீர் வராமல் நின்றுவிடும் உயரம் 140 மீட்டருக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். எங்கள் கடையில் இருந்த 1 எச்.பி. பம்புகள் அந்த உயரத்தை எட்டவில்லை. 2 எச்.பி. பம்புகள் 115 மீட்டரிலும் 35, 40 லிட்டர் எடுத்தன. ஒன்றரை எச்.பி.யில், நான்கு இஞ்ச் வகையில், ஸ்டேஜ் அதிகமாகவும் தண்ணீர் குறைவாகவும் உள்ள ஒரு மாடல் அட்டவணையில் சரியாகப் பொருந்தியது.

ஆசிரியருக்கு மனம் வரவில்லை. "இருக்கிறதைவிடச் சின்னதா போடச் சொல்றீங்களே, தண்ணி பத்துமா?" என்றார். நியாயமான கேள்வி. வீட்டில் ஆறு பேர். ஒருவருக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரக் குடிநீர்த் திட்டங்களுக்கு நம் நாட்டில் வைத்திருக்கும் அளவு. அதன்படி 810 லிட்டர். தென்னையும் வாழையும் கொஞ்சம் உண்டு. எல்லாம் சேர்த்து 1,500 லிட்டர். புதிய பம்பு, மட்டம் மேலே இருக்கும் நேரத்தில் சராசரியாக நிமிடத்துக்கு 35 லிட்டர் தரும். முக்கால் மணி நேரத்தில் அன்றைய தேவை முடிந்துவிடும். அதற்குள் மட்டம் 220 அடி சுமாருக்குத்தான் இறங்கியிருக்கும். மோட்டாருக்கு மேல் இன்னும் 140 அடித் தண்ணீர் நிற்கும்.

அடுத்து, வண்டிக்காரர் சீட்டிலிருந்த 180, 310 என்ற எண்கள். சீட்டைக் கொண்டுவரச் சொன்னதே இதற்காகத்தான். சப்மெர்சிபிளில் மோட்டார் அடியில் இருக்கும், பம்பு அதன் மேல் இருக்கும், தண்ணீர் உறிஞ்சும் வாய் இரண்டுக்கும் நடுவில். ஊற்று மோட்டாருக்குக் கீழே இருந்தால் தண்ணீர் மோட்டாரை உரசிக்கொண்டு மேலேறி வாய்க்குப் போகும், மோட்டார் குளிரும். இவருடைய போரில் இரண்டு ஊற்றுகளும் மோட்டாருக்கு மேலே. தண்ணீர் மேலிருந்து இறங்கி நேரே வாய்க்குள் போய்விடும். அடியில் மோட்டாரைச் சுற்றி நிற்பது அசையாத, சூடாகிக்கொண்டே இருக்கும் தண்ணீர். இதற்குப் பரிகாரம் எளிது. மோட்டாரைச் சுற்றி ஒரு பிவிசி பைப்பை மாட்டி, உறிஞ்சும் வாய்க்கு மேலே மூடி, அடியில் திறந்து விட வேண்டும். கடையில் கூலிங் ஸ்லீவ் என்பார்கள். அப்போது தண்ணீர் கீழே போய், மோட்டாரைத் தொட்டுக்கொண்டுதான் மேலே வர முடியும். மோட்டாரின் விலையோடு பார்த்தால் இது சின்னச் செலவு. ஆனால் கேட்டால் ஒழிய யாரும் மாட்டுவதில்லை.

கேபிள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 360 அடி இறக்கி, போர்டு வரை 40 அடி என்றால் மொத்தம் 400 அடி. ஒன்றரை எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் ஒன்பதரை ஆம்பியர் சுமாருக்கு இழுக்கும். 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிளில் போகும் வழியிலேயே 18 வோல்ட் கரையும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் 11 வோல்ட்டோடு நின்றுவிடும். அவர் வீட்டில் மாலை நேரத்தில் 205 வோல்ட்தான் வருகிறது என்றார். அதனால் 4 போடச் சொன்னேன்.

பேசியதெல்லாம் வீட்டுக்குப் போவதற்குள் மறந்துவிடும். ஆகவே அவருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அது இப்படி இருந்தது:

"உங்கள் போர் இப்போது மணிக்குச் சுமார் 1,200 லிட்டர் ஊறுகிறது. 3 எச்.பி. வேண்டாம்; 2 எச்.பி.யும் வேண்டாம். 115 மீட்டரில் 20 லிட்டருக்கு மிகாமல் தரும் ஒன்றரை எச்.பி. நான்கு இஞ்ச் பம்பு, கூலிங் ஸ்லீவ் மாட்டி, 360 அடியில். ஒன்றேகால் இஞ்ச் பைப் இருப்பதே போதும். 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் கேபிள். தண்ணீர் இல்லாவிட்டால் தானாக நிறுத்தும் வசதியுள்ள பேனல் கட்டாயம். இதனால் உங்களுக்குக் கிடைப்பது நாளைக்கு 1,500 லிட்டர், முக்கால் மணி ஓட்டத்தில். கிடைக்காதது: இதை வைத்து அரை ஏக்கருக்குப் பாய்ச்ச முடியாது; ஊற்றில் அவ்வளவு தண்ணீர் இல்லை. வோல்டேஜ் 180-க்குக் கீழே போனால் ஓட்டாதீர்கள். இந்தக் கணக்கு இன்றைய மட்டத்துக்கு மட்டும்தான். கோடையில் ஊற்று குறைந்தால் காற்று வரலாம். அப்போது மோட்டாரை மாற்ற வேண்டாம். டெலிவரி வால்வைக் கொஞ்சம் மூடி ஓட்டுங்கள்."

கிடைக்காததையும் எழுதுவதை எங்கள் கடையிலேயே சிலர் விரும்பவில்லை; ஆள் வேறு கடைக்குப் போய்விடுவார் என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எல்லை தெரியாமல் வாங்கியவர்தான் கோடையில் காற்று வந்ததும் மோட்டார் மட்டம் என்று நினைப்பார். தெரிந்து வாங்கியவர் வால்வைத் திருகுவார்.

தானாக நிறுத்தும் பேனலில் ஒரு கவனம் வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓடும்போது மோட்டார் இழுக்கும் கரண்ட் குறையும். அதைப் பார்த்துத்தான் பேனல் நிறுத்துகிறது. சிங்கிள் பேஸ் மோட்டாரில் அந்தக் குறைவு அவ்வளவு பெரிதாக இருக்காது. ஆகவே கடையில் செட் செய்து அனுப்பினால் போதாது. மாட்டிய அன்று, நன்றாகத் தண்ணீர் வரும்போது எத்தனை ஆம்பியர் என்று குறித்து, வால்வை ஏறக்குறைய முழுவதும் மூடி நிமிடத்துக்குள் இன்னொரு அளவு எடுத்து, இரண்டுக்கும் நடுவில் வைக்க வேண்டும். இதை அவர் வீட்டில் எங்கள் மெக்கானிக் செய்து கொடுத்தார். நிறுத்திய பிறகு மூன்று மணி நேரம் கழித்துத்தான் மறுபடி எடுக்கும்படி டைமரையும் வைத்தார்.

சித்திரை முடிவில் ஆசிரியர் போன் செய்தார். பேனல் இரண்டு தடவை தானாக நிறுத்தியதாகவும், மட்டம் 170 அடிக்கு இறங்கியிருப்பதாகவும் சொன்னார். கயிற்றைப் போட்டு அவரே அளந்திருக்கிறார். வால்வைக் கால்வாசி மூடச் சொன்னேன். அதன் பிறகு நிற்கவில்லை.

புதிதாக போர் போடுகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எத்தனாவது அடியில் ஊற்று, எத்தனை இஞ்ச் தண்ணீர், கேசிங் எத்தனை அடி என்று போர் வண்டிக்காரர் எழுதிக் கொடுக்கும் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள். அன்றைக்கே அதைப் படம் எடுத்து வையுங்கள். வண்டி கிளம்பிப் போன பிறகு அந்த அளவுகளை உங்களுக்குச் சொல்ல ஆள் கிடைப்பது கடினம்.